இரவு வேலை ஓடியும் முடியவில்லை, பிழைச் செய்தியும் இல்லை: பால் சங்கக் கணினியில் இதை எப்படிப் பிடிப்பது?

பாறைக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் வணக்கம். சித்தூர் தாலுகாவில் எல்லையை ஒட்டி இருக்கும் சில பால் சங்கங்களின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு சின்ன டெபியன் பெட்டி இருக்கிறது. யார் எத்தனை லிட்டர் ஊற்றினார், கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப் எவ்வளவு என்று காலையும் மாலையும் போஸ்ட்கிரெஸில் ஏறும். இரவு 8.30க்கு கிரான் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும். அது டேட்டாபேஸை எடுத்துச் சுருக்கி, பொள்ளாச்சியில் இருக்கும் சர்வருக்கு அனுப்பும். எனக்கு முன்னால் இருந்த ஒப்பந்தக்காரர் எழுதியது. ஏதாவது தவறினால் மெயில் போகும்படி நன்றாகவே எழுதியிருக்கிறார். நெட் இல்லையென்றால் மெயில் வரும், டிஸ்க் நிறைந்தால் மெயில் வரும். இரண்டும் எனக்கு வந்திருக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை, ஜூலை 14, ஒரு விவசாயி தன் கணக்கில் இரண்டு வேளைப் பால் ஏறவில்லை என்று சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய நகலைத் தேடினேன். அந்தச் சங்கத்திலிருந்து பொள்ளாச்சிக்கு வந்த கடைசி முழு ஃபைல் ஜூலை 1ஆம் தேதியுடையது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை, ஒரு மெயில்கூட வரவில்லை. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, பால் ஏறிக்கொண்டிருந்தது, சீட்டு அச்சாகிக்கொண்டிருந்தது.

தவறினால் சொல்கிற ஸ்கிரிப்ட் என்னிடம் இருக்கிறது. எதுவுமே சொல்லாமல் நின்றுபோனால் அதைச் சொல்வது யார்? இதற்கு ஒரு வழி வேண்டும்.

வாளையார்_நெட்

பெரிய விஷயமில்லை அண்ணா. வெளியிலிருந்து அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கணினியைத் தட்டிப் பார்க்கிற சேவை நிறைய இருக்கிறது. பதில் வரவில்லை என்றால் போனுக்குச் செய்தி வரும். இங்கே காற்று ஆரம்பித்தால் கரண்டும் போகும், ஃபைபரும் போகும். நான் கடைகளுக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு நாள் ஆஃபாக இருந்தால் தெரியாமலா போகும்?

மேற்குக்காற்று (சித்தூர்)

வாளையார் தம்பி, அவர் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். கணினி ஆஃபாகவே இல்லை. பால் ஏறியிருக்கிறது, சீட்டு அச்சாகியிருக்கிறது. நீங்கள் சொல்கிற சேவை அந்தப் பன்னிரண்டு நாளும் பச்சை விளக்குதான் காட்டியிருக்கும். பெட்டி உயிரோடு இருப்பது வேறு, அதற்குள் ஒரு வேலை முடிந்திருப்பது வேறு.

பாறைக்காரரே, கணினியை ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். செய்தால் தடயம் போய்விடும். இந்த மூன்றையும் ஓட்டி வருவதை இங்கே போடுங்கள்.

```
zgrep -h CRON /var/log/syslog* | grep paal
crontab -l
ps -eo pid,lstart,cmd | grep '[r]sync -a'
```

பாறைக்காரன்

ரீஸ்டார்ட் செய்யவில்லை. முதல் கட்டளைக்குத் தினமும் 20:30:01க்கு ஒரு வரி இருக்கிறது. நேற்று இரவும் இருக்கிறது. அதாவது கிரான் ஒரு நாளும் தவறவில்லை! மற்ற இரண்டும் கீழே.

```
30 20 * * * flock -n /tmp/paal.lock /usr/local/bin/paal.sh

 4127 Wed Jul  2 20:31:07 2025 rsync -a /backup/paal-2025-07-02.sql.gz nakal@pollachi:/data/
```

இரண்டாவதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. ஜூலை 2 இரவு ஆரம்பித்த rsync இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேற்குக்காற்று

ஓடவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது. இதுதான் முழுக் கதையும். வரிசையாகச் சொல்கிறேன்.

ஜூலை 2 இரவு rsync ஏதோ ஒரு காரணத்தால் நடுவில் நின்றுவிட்டது. rsyncக்கு நாமாகச் சொன்னால்தான் கால எல்லை உண்டு. சொல்லாவிட்டால் எத்தனை நாளானாலும் காத்திருக்கும். அது முடியாததால் ஸ்கிரிப்டும் முடியவில்லை. ஸ்கிரிப்ட் முடியாததால் flock போட்ட பூட்டும் விலகவில்லை.

அடுத்த நாள் 8.30க்குக் கிரான் தன் கடமையைச் சரியாகச் செய்தது. ஆனால் `flock -n` பூட்டைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடும். அதன் வெளியேற்றக் குறியீடு 1, ஆனால் திரையில் ஒரு எழுத்துக்கூட வராது. கிரான் எப்போது மெயில் அனுப்பும்? ஓட்டிய கட்டளை ஏதாவது அச்சிட்டால்தான். குறியீடு 1 என்பதை அது கண்டுகொள்ளாது. ஸ்கிரிப்டுக்குள் உங்கள் ஒப்பந்தக்காரர் எழுதிய பிழை மெயில் இருக்கிறதே, அந்த ஸ்கிரிப்ட் ஆரம்பிக்கவே இல்லை. அப்புறம் அது எங்கே மெயில் அனுப்பும்?

அந்த இடத்தில் கரண்ட் முழுதாகப் போயிருந்தால் கணினி அணைந்து, பூட்டும் போய், மறுநாள் ஸ்கிரிப்டாவது மறுபடி ஆரம்பித்திருக்கும். உங்கள் இன்வெர்ட்டர் நன்றாக இருந்ததால் ஒரே பூட்டு பன்னிரண்டு நாள் நீடித்தது.

rsync ஏன் நின்றது என்பதைப் பொள்ளாச்சிப் பக்கம் பாருங்கள். `/data` எங்கே இருக்கிறது?

பாறைக்காரன்

பார்த்துவிட்டேன். `/data` என்பது அந்த சர்வரின் சொந்த டிஸ்க் இல்லை. பக்கத்தில் ஒரு என்.ஏ.எஸ் பெட்டி, என்.எஃப்.எஸ் வழியாக இணைத்திருக்கிறார்கள். ஜூலை 2 மாலை அதைப் பழுது பார்க்கக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். மவுண்ட்டை யாரும் எடுக்கவில்லை. ஜூலை 1 ஃபைலை சர்வரின் இன்னொரு டிஸ்கில் இருந்த பிரதியில்தான் பார்த்தேன்.

மற்ற சங்கங்கள் வேறு ஃபோல்டருக்கு அனுப்புவதால் தப்பித்துவிட்டன.

குப்பம்_பையன்

நான் குப்பம், வேலை பெங்களூரில். இங்கே தினமும் பார்க்கிற சங்கதி இது. ssh கட்டமைப்பில் `ServerAliveInterval 30` போட்டுவிடுங்கள். எதிர்முனை செத்தால் தொடர்பு தானாக அறுந்துவிடும், rsync பிழையோடு வெளியே வரும், உங்கள் மெயிலும் வரும்.

வேலை முடிந்ததா என்று பார்க்கப் பிரோமீதியஸ் இருக்கிறது. ஸ்கிரிப்ட் வெற்றியாக முடியும்போது அந்த நேரத்தை ஒரு எண்ணாக எழுதி வைக்கட்டும். அப்புறம் ஒரே ஒரு விதி:

```
time() - paal_last_success_seconds > 93600
```

93600 நொடி என்றால் 26 மணி நேரம். ஒரு நாளும் இரண்டு மணி நேரச் சலுகையும். முடிந்தது.

மேற்குக்காற்று

குப்பத்துத் தம்பி, பாதி சரி. இரண்டு இடத்தில் எனக்கு மறுப்பு உண்டு.

முதலில் `ServerAliveInterval`. இங்கே எதிர்முனை சாகவில்லையே. பொள்ளாச்சி சர்வரின் ssh நன்றாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. என்.எஃப்.எஸ் ஹார்ட் மவுண்ட் என்றால், என்.ஏ.எஸ் திரும்பி வரும்வரை எழுதும் வேலை விடாமல் காத்திருக்கும். தொங்கியது அந்தப் பக்கத்து rsync மட்டும். தொடர்பு உயிரோடு இருப்பதால் நீங்கள் சொன்ன அமைப்புக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. இங்கே வேலைக்கு ஆவது rsyncஇன் சொந்த `--timeout`. பைட் எதுவும் நகராமல் இத்தனை நொடி போனால் விட்டுவிடு என்று அது சொல்கிறது.

இரண்டாவது உங்கள் விதி. அந்த எண் பழையதாகப் போனால் அது சரியாகக் கத்தும். ஆனால் அந்த எண்ணே இல்லாமல் போனால்? புதுக் கணினி போட்டு ஸ்கிரிப்டை நிறுவ மறந்துவிட்டார்கள், அல்லது எண்ணை எடுத்துத் தரும் எக்ஸ்போர்ட்டர் நின்றுவிட்டது என்று வையுங்கள். இல்லாத ஒன்றை 93600உடன் ஒப்பிட்டால் பிரோமீதியஸ் காலி விடைதான் தரும். காலி விடை என்றால் அலர்ட் கிடையாது. நாம் பயப்படுகிற அதே நிலையில் அந்த விதி வாயை மூடிக்கொள்ளும். குறைந்தது இப்படி வேண்டும்:

```
time() - paal_last_success_seconds > 93600
  or absent(paal_last_success_seconds)
```

இதிலும் ஒரு குறை. பல சங்கங்களின் எண்கள் ஒரே பெயரில் வந்தால், ஒரே ஒரு சங்கத்தின் எண் இருந்தாலும் `absent` அமைதியாகிவிடும். ஒவ்வொரு சங்கத்துக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக எழுத வேண்டும். அதாவது, யார் யார் வர வேண்டும் என்ற பட்டியலை நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டும். வந்தவர்களைப் பார்த்து வராதவர் யாரென்று எந்த மென்பொருளும் ஊகிக்காது.

குப்பம்_பையன்

`absent` விஷயம் சரி அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எக்ஸ்போர்ட்டர் நின்றால் `up == 0` என்று தனி அலர்ட் வரும், அது எல்லோரும் வைத்திருப்பதுதான். பிரோமீதியஸே படுத்தால் என்ன என்று கேட்பீர்கள், அதற்கும் வழி இருக்கிறது. `vector(1)` என்று எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டை வைத்து, அதை வெளியே ஒரு சேவைக்கு அனுப்பிக்கொண்டே இருப்போம். அது நின்றால் வெளியே இருப்பவன் கூப்பிடுவான்.

மேற்குக்காற்று

அதேதான். கடைசியில் வெளியே இருக்கும் ஒருவனிடம்தான் வந்து நிற்கிறீர்கள். பாறைக்காரருக்கு இருப்பது நாலைந்து பெட்டி. அதற்குப் பிரோமீதியஸ், அலர்ட்மேனேஜர் எல்லாம் வைத்து, அதைக் காக்க ஒருவனை வெளியே வைப்பதைவிட, நேராக அந்த வெளி ஆளிடமே போய்விடலாம். ஹெல்த்செக்ஸ் என்ற சேவை இதற்காகவே இருக்கிறது. திறந்த மூலம், இலவசக் கணக்கிலேயே 20 வேலைகளை வைக்கலாம். குரோனிட்டர், டெட் மேன்ஸ் ஸ்னிட்ச் என்று வேறும் உண்டு. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: வேலை முடிந்ததும் ஒரு முகவரியைத் தட்ட வேண்டும், குறித்த நேரத்துக்குள் தட்டல் வரவில்லை என்றால் அவர்கள் உங்களைத் தட்டுவார்கள்.

செயலர்_ஐயா (கோபாலபுரம் பக்கம்)

நான் ஒரு சங்கத்தின் செயலர், கணினி விஷயம் அவ்வளவாகத் தெரியாது. இங்கே எங்கள் பையன் தினமும் இரவு "பேக்கப் சரி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தானாக வரும்படி வைத்திருக்கிறான். வந்தால் சரி, வராவிட்டால் தெரிந்துவிடும் அல்லவா? இவ்வளவு சுற்றுவது எதற்கு தம்பி?

மேற்குக்காற்று

ஐயா, உங்கள் பையன் செய்திருப்பது சரியான திசைதான். நல்ல செய்தி வருவதை வைத்துத்தான் எல்லாமே. ஆனால் "வராவிட்டால் தெரிந்துவிடும்" என்ற இடத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். வந்த செய்தி கண்ணில் படும், வராத செய்தி எங்கே படும்? பால் கணக்கு, தீவன மூட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வந்து விழும் போனில், நேற்று ஒன்று வரவில்லை என்பதை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். எண்ணும் வேலையைக் கடிகாரம் வைத்திருக்கும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, வராத அன்றைக்கு மட்டும் உங்கள் போன் ஒலித்தால் போதும்.

சொல்ல வந்தது: தினசரி "சரி" செய்தியை நிறுத்தச் சொல்லவில்லை. அதையே அந்தச் சேவைக்குப் போகும்படி மாற்றச் சொல்கிறேன்.

பாறைக்காரரே, ஸ்கிரிப்ட் இப்படி இருக்கலாம். கிரான் வரியில் flock அப்படியே இருக்கட்டும்.

```
#!/bin/bash
set -euo pipefail
PING=https://hc-ping.com/உங்கள்-குறியீடு
F=/backup/paal-$(date +%F).sql.gz

pg_dump paal | gzip > "$F"
test "$(stat -c %s "$F")" -gt 100000
timeout 30m rsync -a --timeout=120 "$F" nakal@pollachi:/data/
curl -fsS -m 10 --retry 5 -o /dev/null "$PING"
```

தட்டுவது கடைசி வரி. மேலே எது தவறினாலும் `set -e` அங்கேயே நிறுத்திவிடும், தட்டல் போகாது. தொங்கினாலும் போகாது, பூட்டில் மோதித் திரும்பினாலும் போகாது, கணினி எரிந்தே போனாலும் போகாது. என்ன காரணம் என்று முன்கூட்டியே யோசித்து ஒவ்வொன்றுக்கும் மெயில் எழுத வேண்டியதில்லை.

`pipefail` என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் `pg_dump` தோற்றாலும், குழாயின் கடைசியில் இருக்கும் gzip ஒன்றுமில்லாததைச் சுருக்கிவிட்டு "வெற்றி" என்று சொல்லும். அப்போது உருவாகும் ஃபைல் சரியாக 20 பைட் இருக்கும். பேக்கப் ஃபோல்டரில் வரிசையாக 20 பைட் ஃபைல்களைப் பார்த்தால் காரணம் அதுதான். அளவு பார்க்கும் `test` வரி இரண்டாவது காவல். 100000 என்பது நான் சும்மா போட்டது, உங்கள் வழக்கமான ஃபைலில் பாதி அளவை வையுங்கள்.

வாளையார்_நெட்

அண்ணா, நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன், சரி. ஆனால் ஒரு கேள்வி. கிரான் வரியிலேயே `paal.sh ; curl ...` என்று சேர்த்துவிட்டால் போதாதா? ஸ்கிரிப்டைத் தொட வேண்டாமே.

ஒலவக்கோடு

நான் கணினிக்காரன் இல்லை, ரயில் ஓட்டுகிறவன். இந்த ஏற்பாடு எங்களிடம் இருந்து போனதுதான் என்பதால் வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாளையார் தம்பியின் கேள்விக்கு எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று பொருந்தும்.

எங்கள் என்ஜினில் விழிப்புக் கருவி இருக்கிறது. சுமார் ஒரு நிமிடம் ஓட்டுநர் எதையும் தொடவில்லை என்றால் விளக்கு மின்னும், அப்புறம் சத்தம் வரும், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாக விழும். பட்டன் அழுத்தி அதைச் சமாதானப்படுத்தலாம். ஆனால் வேகக் கைப்பிடி, பிரேக், ஹாரன் என்று உண்மையான வேலை எதைச் செய்தாலும் அது தானாகவே சமாதானமாகிவிடும். அப்படி வைத்ததில்தான் புத்திசாலித்தனம். வெறும் பட்டனை மட்டும் வைத்தால் அரைத் தூக்கத்திலும் கை பழக்கத்தில் அழுத்தும். வேலையும் அடையாளமும் ஒன்றாக இருந்தால்தான் அந்த அடையாளத்துக்கு மதிப்பு.

மேற்குக்காற்று

ஒலவக்கோடு சார் சரியாகச் சொன்னார். `;` போட்டால் ஸ்கிரிப்ட் தோற்றாலும் curl ஓடும், அது வெறும் பட்டன். `&&` போட்டால் ஸ்கிரிப்ட் வெற்றியென்று திரும்பினால் மட்டும் ஓடும், அது பரவாயில்லை. ஆனால் அந்த ஸ்கிரிப்ட் உள்ளே பொய் சொல்லாமல் இருக்க வேண்டும், அதனால்தான் 20 பைட் கதையைச் சொன்னேன்.

நகரி_நூல்கடை

நமஸ்காரம். நான் நகரி, விசைத்தறிக்கு நூல் விற்கிற கடை. எங்களிடம் லினக்ஸ் இல்லை, விண்டோஸில் டேலி. தினமும் இரவு 9 மணிக்கு டேலி ஃபோல்டரை இன்னொரு டிஸ்குக்கு எடுக்கும்படி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுத் தந்தார்கள். புது யு.பி.எஸ் வாங்கி யு.எஸ்.பி ஒயரும் மாட்டியதில் இருந்து சில நாள் எடுக்கிறது, சில நாள் எடுக்கவில்லை. வைரஸாக இருக்குமா? இதையும் இந்த முறையில் பிடிக்கலாமா?

மேற்குக்காற்று

வைரஸ் இல்லை அண்ணா. அந்த யு.எஸ்.பி ஒயரை மாட்டியதும் விண்டோஸ் உங்கள் கணினியைப் பேட்டரி உள்ள கணினியாகப் பார்க்க ஆரம்பித்துவிடும். டாஸ்க் ஷெட்யூலரில் கண்டிஷன்ஸ் பக்கத்தில் "Start the task only if the computer is on AC power" என்று ஒரு பெட்டி, தொடக்கத்திலேயே டிக் ஆகியிருக்கும். இரவு 9 மணிக்கு உங்கள் ஊரில் கரண்ட் இல்லை என்றால் யு.பி.எஸ் ஓடும், விண்டோஸ் பேட்டரி என்று நினைக்கும், வேலையைத் தொடங்காது. டிக்கை எடுங்கள். செட்டிங்ஸ் பக்கத்தில் "Run task as soon as possible after a scheduled start is missed" என்பதற்கு டிக் போடுங்கள்.

இதையும் இந்த முறையில் பிடிக்கலாம். கடைசியில் முகவரியைத் தட்டினால் போதும், அது விண்டோஸா லினக்ஸா என்று யாரும் கேட்பதில்லை.

பாறைக்காரன்

சரி, கணக்குத் தொடங்கிவிட்டேன். அட்டவணையில் `30 20 * * *` கொடுத்தேன். கிரேஸ் நேரம் எவ்வளவு வைப்பது? வழக்கமாக வேலை நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து நிமிடம் வைக்கலாமா?

மேற்குக்காற்று

முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள். அங்கே யு.டி.சி என்று இருந்தால் 20:30 என்பது நமக்கு அதிகாலை 2 மணி. `Asia/Kolkata` என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரவு முழுக்கத் தவறான நேரத்தில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

கிரேஸ் பத்து நிமிடம் வேண்டவே வேண்டாம். ஸ்கிரிப்டில் `timeout 30m` இருக்கிறது. நியாயமாக அரை மணி நேரம் எடுத்துக்கொள்ள அனுமதித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கூப்பிடச் சொல்வது முரண். குறைந்தது ஒரு மணி நேரம்.

குப்பம்_பையன்

நான் ஒரு மணி நேரமும் கம்மி என்பேன். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் அங்கே இரவு நெட் போனால் காலைதான் வரும். வாரத்தில் நாலு நாள் ராத்திரி போன் அடித்தால் அஞ்சாவது நாள் அந்தக் குழுவை மியூட் செய்துவிடுவார்கள். காலை 5 மணிவரை விடுங்கள். அதற்குள் திரும்ப முயன்று போய்விட்டால் யாரையும் எழுப்ப வேண்டாம்.

மேற்குக்காற்று

ஆனால் அந்த ஸ்கிரிப்ட் திரும்ப முயல்வதில்லையே. 8.30க்கு ஒரே முறைதான். காலைவரை காத்திருந்தாலும் அது தானாக வராது. நீங்கள் சொல்கிறபடி செய்ய வேண்டுமானால் மணிக்கு ஒருமுறை முயலும்படி மாற்றிவிட்டு அப்புறம் கிரேஸை நீட்ட வேண்டும்.

செயலர்_ஐயா

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்குத் தெரிந்தால் யார் போய்ச் சங்கத்தைத் திறக்கப் போகிறார்கள்? காலையில் பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போது தெரிந்தால் எங்களுக்குப் போதும். ஒரு வேளைப் பால் கணக்கு சீட்டுக் கட்டில் இருக்கிறது, பார்த்து ஏற்றிக்கொள்ளலாம்.

குப்பம்_பையன்

இதைத்தான் நானும் சொன்னேன் ஐயா. தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்பதை வைத்துத்தான் நேரம் வைக்க வேண்டும்.

மேற்குக்காற்று

ஐயா சொல்வது அவர் சங்கத்துக்குச் சரி. பாறைக்காரருக்குத் தொலைவிலிருந்தே நுழைந்து சரிசெய்ய முடியும் என்றால் அன்றைக்கு இரவே தெரிவது நல்லது என்பதில் நான் மாறவில்லை. அவர் முடிவு செய்யட்டும்.

பாறைக்காரன்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். எல்லாச் சங்கத்திலும் போட்டுவிட்டேன். இப்போதைக்குக் கிரேஸ் ஒரு மணி நேரம்தான். செய்தி டெலிகிராமில் எனக்கும் அந்தந்தச் செயலருக்கும் போகும். ஒவ்வொரு வேலைக்கும் சங்கத்தின் பெயரைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன், அதனால் செயலர்களுக்கு எது சிவப்பாகியிருக்கிறது என்று படிக்க முடிகிறது.

சோதனையும் செய்தேன். ஒரு சங்கத்தில் கிரான் வரியின் முன்னால் `#` போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். 9.30 தாண்டியதும் செய்தி வந்தது. இன்னொரு சங்கத்தில் வேண்டுமென்றே rsyncஐ இல்லாத சர்வருக்குத் திருப்பினேன், அதற்கும் வந்தது.

ஆனால் ஒன்று புரியவில்லை. வேலந்தாவளம் பக்கத்துச் சங்கம் ஒன்று மூன்று நாளாகச் சாம்பல் நிறத்தில், "new" என்று இருக்கிறது. தட்டல் வரவில்லை. ஆனால் அலர்ட்டும் வரவில்லை. அப்புறம் இந்த ஏற்பாடு எதற்கு?

மேற்குக்காற்று

நல்லவேளை பார்த்தீர்கள். முதல் தட்டல் வரும்வரை அந்த வேலையை அந்தச் சேவை எண்ண ஆரம்பிக்காது. உருவாக்கிவிட்டு இன்னும் நிறுவவில்லை என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு நாளும் ஓடாத வேலைக்கு அது ஒரு நாளும் கூப்பிடாது. புதிதாக ஒன்றை உருவாக்கினால் உடனே கையாலேயே ஒருமுறை தட்டிவிட வேண்டும். கடிகாரம் அப்போதுதான் ஓடும்.

```
curl -fsS https://hc-ping.com/உங்கள்-குறியீடு
```

அதேபோல சிவப்பானால் செய்தி ஒருமுறைதான் வரும். அன்றைக்கு அதைத் தவறவிட்டால் சிவப்பாகவே கிடக்கும், டெலிகிராம் திரும்பப் பேசாது. சரியாகாத வேலைகளைத் தினமும் மெயிலில் நினைவூட்டும் வசதி கணக்கின் அமைப்பில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

சரி, அந்தச் சங்கத்தில் ஏன் ஓடவில்லை? அங்கே கிரானை எப்படி நிறுவினீர்கள்?

பாறைக்காரன்

அங்கே மட்டும் முன்னாள் ஒப்பந்தக்காரர் `crontab` பயன்படுத்தவில்லை, தனி ஃபைல். பயனர் பெயரும் சரியாக இருக்கிறது.

```
$ ls /etc/cron.d
e2scrub_all  paal.cron
```

மேற்குக்காற்று

`paal.cron` பெயரில் இருக்கும் புள்ளிதான் காரணம். டெபியனில் `/etc/cron.d`க்குள் எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு மட்டும் உள்ள பெயர்களைத்தான் கிரான் படிக்கும். புள்ளி இருந்தால் அந்த ஃபைலைத் தாண்டிப் போய்விடும். `paal` என்று பெயரை மாற்றுங்கள். `/etc/cron.daily`க்குள் `backup.sh` என்று வைத்துவிட்டு ஓடவில்லையே என்று தேடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

அந்தச் சங்கத்தின் நகல் ஃபோல்டரையும் பாருங்கள். இது இந்த வாரம் வந்த வியாதியாகத் தெரியவில்லை.

பாறைக்காரன்

மாற்றியதும் இன்று இரவு 8.36க்குப் பச்சையாகிவிட்டது. ஃபோல்டரையும் பார்த்தேன். பெட்டியை நிறுவிய நாளில் கையால் எடுத்த ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது. அந்தச் சங்கத்துக்கு இன்று வந்ததுதான் முதல் தானியங்கி நகல்.

வாளையார்_நெட்

அண்ணா, ஹெல்த்செக்ஸைப் பொள்ளாச்சி சர்வரிலேயே நாமே நிறுவிவிடலாமா? திறந்த மூலம்தானே. வெளிநாட்டுச் சேவையை நம்ப வேண்டாமே.

மேற்குக்காற்று

நிறுவலாம். ஆனால் பொள்ளாச்சியில் வேண்டாம். நகல் போய்ச் சேருகிற இடமும் அதைக் கண்காணிக்கிற இடமும் ஒரே கரண்டில், ஒரே நெட்டில் இருந்தால், அந்த இடம் விழும் நாளில் இரண்டும் சேர்ந்து விழும், உங்களுக்கு ஒரு செய்தியும் வராது. வேறு ஊரில் வேறு ஆள் நடத்தும் ஒரு சர்வர் கிடைத்தால் வையுங்கள். அப்போதும் அந்த சர்வரை யார் பார்ப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

குப்பம்_பையன்

என் பெங்களூர் சர்வர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் வைத்து, அது உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் வெளிச் சேவையில் ஒரே ஒரு தட்டலாகக் கொடுத்துவிடலாம். வேண்டுமானால் சொல்லுங்கள்.

பாறைக்காரன்

சங்கங்கள் கூடினால் கேட்கிறேன் தம்பி. இப்போதைக்கு இலவசக் கணக்கே தாராளம்.

நகரி_நூல்கடை

அந்தப் பெட்டி டிக் ஆகித்தான் இருந்தது, எடுத்துவிட்டேன். நேற்று 9 மணிக்குக் கரண்ட் இல்லை, ஆனாலும் நகல் வந்திருக்கிறது. தட்டும் வரியைப் பையன் சேர்த்துத் தந்தான். ஒரு சந்தேகம்: ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, கணினியே போட மாட்டோம். அன்றைக்கும் செய்தி வருமா?

மேற்குக்காற்று

ஒரு நாளைக்கு ஒருமுறை என்று கொடுத்திருந்தால் வரும். அட்டவணையைக் கிரான் வடிவத்துக்கு மாற்றி `0 21 * * 1-6` என்று கொடுங்கள், ஞாயிறு எதிர்பார்க்காது. பண்டிகை லீவுக்கு வழியில்லை, அன்றைக்கு அந்த வேலையைக் கையால் Pause செய்து நிறுத்தி வைக்க வேண்டும். மறுநாள் எடுக்க வேண்டும் என்பதில்லை, அடுத்த தட்டல் வந்ததும் தானாகவே எண்ண ஆரம்பித்துவிடும். ஆனால் கடை திறந்த பிறகும் நகல் ஓடவில்லை என்றால் Pause நிலையிலேயே கிடக்கும், செய்தி வராது. அதனால் திறந்த அன்றைக்கு ஒருமுறை பக்கத்தைப் பாருங்கள்.